“காலையில வாங்க”: ஒரு வார்டு மருத்துவரின் அறக்காயம்

31 வயது மருத்துவ அதிகாரி ஒருவர், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனவடு நோயான பி.டி.எஸ்.டி. என்ற சந்தேகத்தில் உளவியல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார். அந்த நோய்க்கு நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சையே அவருக்குத் தரப்பட்டது. செய்தவரும் அனுபவசாலி. ஆனால் ஐந்தாவது அமர்வு முடிந்தபோது அவர் வந்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தார். சிகிச்சை ஏன் எடுபடவில்லை, பிறகு எதை மாற்றியதும் எடுபட்டது என்பதுதான் இந்த ஆய்வு. யாருடைய அடையாளமும் வெளிப்படக்கூடாது என்பதற்காகப் பல நிகழ்வுகளின் கூறுகளைச் சேர்த்து ஒரே நிகழ்வாக இங்கே அமைத்திருக்கிறோம். மருத்துவரைக் குமரன் என்று அழைப்போம்.

நடந்தது

2021 செப்டம்பர் 24 முதல் சிங்கப்பூர் மருத்துவமனைகளில், கோவிட் பரவல் காரணமாக, வார்டுக்குள் பார்வையாளர்கள் வருவது நிறுத்தப்பட்டது. விதிவிலக்கு இருந்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர் என்று மருத்துவக் குழு பதிந்தால் குடும்பத்தினர் உள்ளே வரலாம். அந்தப் பட்டியலை இங்கே எல்லோரும் ‘டி.ஐ.எல்.’ என்பார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு நாள் குமரனுக்கு நைட் கால். 71 வயது தமிழ் முதியவர் ஒருவர் நிமோனியாவோடும் பழைய இதயச் செயலிழப்போடும் படுத்திருந்தார். மாலையில் அவருக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது. இரவு 9 மணிக்கு 5 லிட்டர் வைத்தும் ஆக்சிஜன் அளவு 93 சதவீதத்தைத் தாண்டவில்லை. குமரன் இதைக் கவனித்தார். தனக்கு மேலுள்ள மருத்துவரான ரெஜிஸ்ட்ராரை அழைத்து, டி.ஐ.எல்.லில் போட்டுவிடலாமா என்று கேட்டார். ரெஜிஸ்ட்ரார் வேறு வார்டில் இரண்டு அவசர நோயாளிகளோடு இருந்தார். “காலையில ரவுண்ட்ஸ்ல பார்த்துக்கலாம்” என்றார். குமரன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

கீழே லாபியில் முதியவரின் மனைவி ஒரு ஃபிளாஸ்க்கோடு காத்திருந்தார். நர்ஸ் சொல்லிக் கேட்காததால், தமிழ் தெரிந்தவர் என்று குமரன் இறங்கிப் போனார். “தம்பி, ரெண்டு நிமிஷம் மட்டும் பாத்துட்டு வந்துடறேன்” என்றார் அந்த அம்மா. “ஆன்ட்டி, இப்ப பரவாயில்ல. காலையில வாங்க, நானே டாக்டர்கிட்ட கேட்டு ஏற்பாடு பண்றேன்” என்றார் குமரன். அவர் ஃபிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போனார். நோயாளி விடிகாலை 4.40 மணிக்கு இறந்தார். மனைவி வந்து சேர்ந்தபோது 5.30. அழவில்லை, திட்டவில்லை. “நீங்க சொன்னீங்கன்னுதான் தம்பி நான் வீட்டுக்குப் போனேன்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த எட்டு மாதங்களில் குமரனிடம் வந்த மாற்றங்களை அவருடன் வேலை செய்தவர்கள் களைப்பு என்றே நினைத்தார்கள். தமிழ்க் குடும்பங்களிடம் பேச வேண்டிய வேலையைச் சக மருத்துவர்களிடம் தள்ளிவிட்டார். தேவையில்லாத நோயாளிகளையும் டி.ஐ.எல்.லில் போட்டார். ஷிஃப்ட் முடிந்தும் இரண்டு மணி நேரம் வார்டிலேயே இருந்தார். வீட்டில் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளோடு உட்காரமாட்டார். தட்டைத் தனியாக எடுத்துப் போவார். முதலில் துறை அவருக்கு இரண்டு வாரம் விடுப்பு கொடுத்தது. அது நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதிகநேரம் உழைத்துக் கடனைக் கழிப்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வழி, விடுப்பு அதையும் பிடுங்கிக்கொண்டது. திரும்பி வந்தபோது அவர் முன்னிலும் ஒடுங்கிப்போயிருந்தார்.

மொத்த மதிப்பெண் மறைத்தது

முதல் சந்திப்பில் பி.சி.எல்.-5 என்ற கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. பொதுவாக 31 முதல் 33-க்கு மேல் போனால் பி.டி.எஸ்.டி. இருக்கலாம் என்று ஆராய்வார்கள். குமரனுக்கு 40 வந்தது. கோப்பில் அந்த எண்ணை எழுதி, அதற்கேற்ற சிகிச்சைக்கு அனுப்பிவிட்டார்கள்.

தாளைக் கேள்வி கேள்வியாகப் படித்திருந்தால் வேறு படம் தெரிந்திருக்கும். ஆபத்தை எதிர்பார்த்து எந்நேரமும் விழிப்பாக இருப்பது பற்றிய 17-ஆம் கேள்விக்கும், சிறு சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவது பற்றிய 18-ஆம் கேள்விக்கும் அவர் 0 போட்டிருந்தார். சம்பவம் மறுபடி நடப்பதுபோல் தோன்றுவதைக் கேட்கும் 3-ஆம் கேள்விக்கும் 0. மாறாக, ‘நான் கெட்டவன்’ போன்ற நம்பிக்கைகளைக் கேட்கும் 9, பழியைக் கேட்கும் 10, குற்றவுணர்வையும் வெட்கத்தையும் கேட்கும் 11 ஆகிய மூன்றுக்கும் முழு 4. எட்டாவது கேள்வியிலிருந்து பதினான்காவது வரையிலான ஏழில் மட்டும் 20 மதிப்பெண், மொத்தத்தில் சரிபாதி.

இன்னொன்றும் கவனத்துக்கு வரவில்லை. மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5-இன்படி பி.டி.எஸ்.டி.க்கு மரணம், மரண அச்சுறுத்தல், கடும் காயம், பாலியல் வன்முறை இவற்றில் ஒன்றை எதிர்கொண்டிருக்க வேண்டும். முதியவர் ஒருவர் நோயில் படிப்படியாகத் தளர்ந்து இறப்பது அந்த நிபந்தனைக்குள் எளிதில் வராது. குமரனுக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. கேள்வித்தாளின் கூட்டுத்தொகை நோயைத் தீர்மானிக்காது என்று பயிற்சியில் எல்லோரும் படிக்கிறார்கள். நெரிசலான கிளினிக்கில் எல்லோரும் மறக்கிறார்கள்.

அச்சம் எங்கே முடிகிறது

அச்சத்தால் வரும் மனவடுவின் இயக்கம் ஓரளவு நேரானது. உயிருக்கு ஆபத்து வந்த நேரத்தில் இருந்த ஒலி, வாசனை, இடம் எல்லாம் ஆபத்தின் அடையாளங்களாக மனதில் பதிந்துவிடுகின்றன. பின்னர் அவை வரும்போதெல்லாம் உடல் ஓட அல்லது உறைய ஆயத்தமாகிறது. அவற்றைத் தவிர்ப்பதால் பயம் தற்காலிகமாகக் குறைகிறது. ஆனால் அவற்றால் இப்போது ஆபத்தில்லை என்று கற்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. எனவே பாதுகாப்பான சூழலில் நினைவையும் அடையாளங்களையும் திரும்பத் திரும்பச் சந்திக்க வைத்தால் பயம் தணிகிறது. அந்தப் பயம் இன்றைய உண்மைக்குப் பொருந்தாதது என்பதே இந்தச் சிகிச்சைக்கு அடிப்படை.

அறக்காயத்தில் கேள்வி வேறு. ‘எனக்கு என்ன ஆகிவிடும்’ என்ற பயம் அங்கே இல்லை. ‘நான் செய்தது என்ன, இனி நான் யார்’ என்பதே வலி. வியட்நாம் போர் வீரர்களோடு வேலை செய்த மனநல மருத்துவர் ஜொனதன் ஷே 1994-இல் இதைப் பற்றி எழுதியபோது, உயிர் பணயமான சூழலில், அதிகாரத்தில் இருப்பவர் சரியானதற்குத் துரோகம் செய்வதை மையமாக வைத்தார். பிரெட் லிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில் வட்டத்தை விரித்தார்கள்: தானே செய்தது, தடுக்கத் தவறியது, கண்ணால் கண்டது, இவை ஒருவரின் ஆழ்ந்த அற நம்பிக்கையை மீறும்போது காயம் உண்டாகலாம். இது தனி நோயாக வகைப்படுத்தப்பட்டதல்ல. பி.டி.எஸ்.டி.யோடு சேர்ந்தும் வரலாம், தனித்தும் வரலாம். பி.டி.எஸ்.டி.யின் அறிகுறிப் பட்டியலிலேயே குற்றவுணர்வும் வெட்கமும் இருப்பதால்தான் குழப்பம்.

இங்கே நமக்குப் பழக்கமான இரண்டு சூழல்களை வைத்தால் வேறுபாடு தெளிவாகும். தேசிய சேவையில் ரூட் மார்ச்சின்போது ஒரு வீரன் தள்ளாடுகிறான். சார்ஜெண்ட் அவன் நடிக்கிறான், ‘சாவ் கெங்’ என்று நினைத்து, எல்லோர் முன்னாலும் கேலி செய்து நடக்க வைக்கிறார். கொஞ்ச நேரத்தில் வீரன் வெப்பத் தாக்குதலில் சுருண்டு விழுகிறான். சார்ஜெண்டுக்கு அங்கே எந்த ஆபத்தும் இல்லை. பின்னாளில் அவரைத் துரத்துவது வெயிலோ காடோ அல்ல, தன் கேலிப் பேச்சு. அதே வீரனுக்குப் பக்கத்தில் நின்று, சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட இன்னொரு வீரனுக்கும் காயம் இருக்கலாம். விழுந்த வீரன் பிழைத்தபின் வெயிலில் நின்றாலே நெஞ்சு படபடக்கிறது என்றால், அது அச்சத்தின் கணக்கு. ஒரே மைதானம், ஒரே பிற்பகல், மூன்று பேருக்குத் தேவைப்படும் உதவி வேறு.

காவல்துறையில் மிகக் கடினமானது விதிப்படி நடந்தும் காயப்படுவது. எச்.டி.பி. வீட்டில் மகனைப் பற்றித் தாய் கவலையோடு அழைக்கிறார். அதிகாரி வந்து பேசுகிறார். மகன் அமைதியாகப் பதில் சொல்கிறான். பிடித்துக் கொண்டுபோக சட்டம் கேட்கும் வரம்பு எட்டவில்லை. அதிகாரி கிளம்பிவிடுகிறார். விடிவதற்குள் அதே புளோக்கின் அடியிலிருந்து இன்னொரு அழைப்பு. விசாரணையில் அவர்மேல் தவறில்லை என்று வந்தாலும், அந்தத் தீர்ப்பு அவருடைய கேள்விக்குப் பதிலல்ல. அவர் கேட்பது சட்டத்தைப் பற்றியே அல்ல.

ஐந்து அமர்வுகளில் தவறியது

குமரனுக்குத் தரப்பட்டது நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். சம்பவத்தைக் கண்மூடி, நிகழ்காலத்தில், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவை வீட்டில் கேட்க வேண்டும். தவிர்க்கும் இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். துயரத்தின் அளவை அவரே 0 முதல் 100-க்குள் சொல்லிக்கொண்டு வருவார். பயத்தில் இந்த எண் அமர்வுக்கு அமர்வு இறங்க வேண்டும்.

குமரனுக்கு முதல் அமர்வில் 85, ஐந்தாவதில் 80. லாபியில் அரைமணி நேரம் உட்கார்ந்து வரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். பயம் எதுவும் வரவில்லை, வெட்கம் மட்டும் ஏறியது. ஒலிப்பதிவை அவர் கேட்டது சிகிச்சையாக அல்ல, தண்டனையாக. சொல்லப்பட்ட ஒரு முறைக்குப் பதில் இரவில் மூன்று முறை கேட்டார். இந்த ஒரு விவரத்தை வீட்டுப்பாடத் தாளிலிருந்தே பிடித்திருக்கலாம். நோயாளி வீட்டுப்பாடத்தைக் குறைவாகச் செய்தால் சிகிச்சையாளர் கேட்கிறார்; அதிகமாகச் செய்தால் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. “விதி அது, உங்கள் தப்பு எதுவுமில்லை” என்று சிகிச்சையாளர் நான்காவது அமர்வில் சொன்னார். குமரன் தலையாட்டினார். அதற்குப்பின் அவர் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஏனென்றால் ரெஜிஸ்ட்ராரிடம் இன்னொரு முறை கேட்டிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆக்சிஜன் தேவை ஏறுவதை அறிந்தும் ‘பரவாயில்லை’ என்று சொன்னது தெரியும். இவை திரிந்த எண்ணங்கள் அல்ல, நடந்தவை. முழுக்கதையும் கேட்கும் முன் கொடுக்கப்படும் மன்னிப்பை, ‘இவருக்கும் என் செயலைத் தாங்க முடியவில்லை’ என்றுதான் காயப்பட்டவர் எடுத்துக்கொள்கிறார்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். எதிர்கொள்ளல் சிகிச்சையும், 12 அமர்வுகள் கொண்ட அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சையும் குற்றவுணர்வைப் பலருக்குக் குறைக்கின்றன. ஆய்வுகளில் அது தெரிகிறது. அறக்காயத்தையும் கணக்கில் கொண்டு போர் மனவடுவுக்காக லிட்ஸ் குழு உருவாக்கிய முறையை அமெரிக்க மரைன், கடற்படை வீரர்களிடம் சோதித்தபோதும், அது அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்றுதான் முடிவு வந்தது, மேலானது என்றல்ல. குமரனிடம் பழைய முறை தோற்றதற்கு அதைப் பயத்துக்கான மருந்தாக மட்டும் பயன்படுத்தியதே காரணம்.

மறுபடி தொடங்கியபோது

ஆறாவது அமர்வில் மதிப்பீடு புதிதாகச் செய்யப்பட்டது. 14 கேள்விகள் கொண்ட அறக்காய விளைவு அளவுகோல் சேர்க்கப்பட்டது. அதில் இரண்டு பகுதி: வெட்கம் சார்ந்தவை, நம்பிக்கை உடைந்தது சார்ந்தவை. குமரனுக்கு இரண்டுமே உயர்வு. இரண்டாவது பகுதியைப் பார்த்துத்தான் ரெஜிஸ்ட்ராரும் துறையும் அவர் மனதில் எவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அதுவரை அவர் யாரையும் குறை சொன்னதில்லை.

அதே அமர்வில் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்கப்பட்டது. ‘பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு அருகதை இல்லை’ என்பது, கேட்டபோது, ‘நான் இல்லாவிட்டால் அவர்களுக்கு நல்லது’ வரை போனது. மருத்துவர்களிடம் இதோடு நிறுத்தக்கூடாது. எந்த மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்றும் கேட்க வேண்டும். காவலரிடம் ஆயுதத்தைப் பற்றிக் கேட்பதுபோல. வீட்டிலிருந்த ஊசி மருந்துகளை மனைவி மூலம் அகற்றி, 24 மணி நேரமும் இயங்கும் எஸ்.ஓ.எஸ். தற்கொலைத் தடுப்பு எண் 1767-ஐத் திட்டத்தில் எழுதி, ஒவ்வொரு அமர்விலும் இதே கேள்வி திரும்பக் கேட்கப்பட்டது.

பிறகு பொறுப்பைப் பங்கிடும் தாள். இதில் வரிசைதான் முக்கியம். ‘உங்கள் பங்கு எவ்வளவு’ என்று முதலில் கேட்டால் 90 என்பார்கள். குமரனும் அதையே சொன்னார். எனவே அந்த எண்ணை ஓரத்தில் எழுதிவிட்டு, அந்த மரணத்துக்கும் அந்தப் பிரிவுக்கும் பங்களித்த மற்ற எல்லாவற்றையும் அவரையே சொல்ல வைத்தார்கள். நோயும் பழைய இதயச் செயலிழப்பும், பார்வையாளர் தடை, ரெஜிஸ்ட்ராரின் முடிவு, அந்த ரெஜிஸ்ட்ராரை இரண்டு வார்டுக்கு நடுவே ஓடவிட்ட ஆள்பலம், இரவில் டி.ஐ.எல். முடிவை யார் எடுக்கலாம் என்று தெளிவாக எழுதப்படாதது. ஒவ்வொன்றுக்கும் சதவீதம் போட்டபின்தான் மிச்சம் அவருக்கு. முதல் சுற்றில் கூட்டுத்தொகை 140-ஐத் தாண்டியது. அது நல்லதே, 90 என்பது கணக்கில் நிற்காது என்பதை அவர் கண்ணாலேயே பார்த்தார். இரண்டு அமர்வுகளுக்குப் பின் அவர் தன் பங்கை 20 என்று நிறுத்தினார். சிகிச்சையாளர் அதைக் குறைக்க முயலவில்லை. 20 என்பது அவர் தூக்கிச் சுமக்கக்கூடிய எண். 0 என்றிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார்.

கூடவே, அன்று இரவு 9 மணிக்குத் தெரிந்ததையும் 4.40-க்குப் பிறகு தெரிந்ததையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுத வைத்தார்கள். ‘இறப்பார் என்று எனக்குத் தெரியும்’ என்று அவர் எட்டு மாதமாகச் சொல்லி வந்தது இரண்டாவது பத்தியில் போய் விழுந்தது. ‘மோசமாகலாம் என்று நினைத்தேன், ஒரு முறை கேட்டேன், மறுபடி கேட்கத் தயங்கினேன்’ என்பது முதல் பத்தியில் நின்றது. தயக்கத்துக்கும் ஒரு காரணம் வெளியே வந்தது. முந்தைய மாதம் அதே ரெஜிஸ்ட்ரார் அவரை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டிருந்தார்.

பத்தாவது அமர்வில் கற்பனை உரையாடல். காயப்பட்டவர், தான் மதிக்கும், தன்மேல் அக்கறை உள்ள ஒருவரைத் தேர்ந்து, அவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, செய்ததை மழுப்பாமல் சொல்ல வேண்டும். தனக்கு என்ன நேர வேண்டும் என்று நினைக்கிறாரோ அதையும். பிறகு அந்த மனிதரின் குரலில் பதில் சொல்ல வேண்டும். குமரன் தேர்ந்தது ஹவுஸ்மன் எனப்படும் பயிற்சி மருத்துவர் காலத்தில் தனக்கு வேலை கற்றுக்கொடுத்த, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரை. முதல் முயற்சி தோல்வி. அந்தக் குரலிலும் அவர் தன்னையே திட்டினார். இது அடிக்கடி நடப்பது. அப்போது வாதாடாமல், அதே இரவை அதே தகவல்களோடு தன் ஜூனியர் ஒருவன் வந்து சொல்வதாகக் கேட்க வேண்டும். குமரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நர்ஸின் குரலில் வந்தது இது: “தப்புதான்டா. அடுத்த தடவ ரெண்டாவது முறையும் கேளு. இப்ப போய்ச் சாப்பிடு.”

கடைசிக் கட்டம் ஈடுசெய்வது. அந்த அம்மாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று குமரன் விரும்பினார். அந்தச் சந்திப்பு யாருடைய தேவைக்கு என்று ஒரு முழு அமர்வு பேசப்பட்டது. அவருடைய துக்கத்தில் இவருடைய குற்றவுணர்வையும் ஏற்றி வைப்பதாக அது முடியலாம். தனிப்பட்ட முறையில் போவது மருத்துவமனை நடைமுறைக்கும் எதிரானது. எனவே அது கைவிடப்பட்டது. பதிலாக மாலை ஒப்படைப்பில் ஒரு வரி சேர்க்க அவர் தன் குழுவைச் சம்மதிக்க வைத்தார்: ஆக்சிஜன் தேவை ஒரே ஷிஃப்டில் இரட்டிப்பானால், குடும்பத்தை அழைப்பது பற்றிய முடிவு காலை ரவுண்ட்ஸுக்குத் தள்ளப்படக்கூடாது, ரெஜிஸ்ட்ரார் கிடைக்காவிட்டால் மருத்துவ அதிகாரி நேரே கன்சல்டன்டை அழைக்கலாம். தமிழ்க் குடும்பங்களிடம் பேசும் வேலையையும் அவர் மறுபடி எடுத்துக்கொண்டார். ஈடுசெய்வது அளவோடு இருக்க வேண்டும் என்பதால், ஷிஃப்ட் முடிந்தபின் வார்டில் தங்குவதை நிறுத்துவதும் அதே தாளில் எழுதப்பட்டது.

குறையாத பகுதி

16-ஆவது அமர்வில் பி.சி.எல்.-5 மதிப்பெண் 40-லிருந்து 19-க்கு வந்தது. வெட்கம் சார்ந்த கேள்விகளில் பெரிய இறக்கம். தற்கொலை எண்ணம் நான்கு அமர்வுகளாக இல்லை. நம்பிக்கை உடைந்தது சார்ந்த கேள்விகள் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நின்றன. அதற்குச் சிகிச்சை அறையில் மருந்தில்லை. அன்று இரவு ஏன் ஒரே ரெஜிஸ்ட்ரார் இரண்டு வார்டைப் பார்த்தார் என்று யாரும் குமரனிடம் உட்கார்ந்து பேசவில்லை. அந்த மரணம் ஆய்வுக் கூட்டத்துக்கே வரவில்லை, ஏனென்றால் மருத்துவ ரீதியாக அதில் பிழை எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட நிகழ்வுக்குத் துறைத் தலைவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: சம்பந்தப்பட்டவரை அழைத்து, ஆட்பற்றாக்குறை தன் பொறுப்பு என்பதைத் தன் வாயால் சொல்வது. சக ஊழியர் ஆதரவுக் குழுவோ காவல்துறையின் துணை ஆலோசகரோ கனிவாகச் சொல்வதால் இது ஈடாகாது. துரோகம் நடந்ததாக உணரப்படும் மட்டத்திலிருந்தே வர வேண்டும். குமரனின் சம்மதத்தோடு, நோய் விவரம் எதுவும் இல்லாமல், இந்த ஒரு கோரிக்கை மட்டும் துறைக்கு எழுதப்பட்டது. மூன்று மாதம் கழித்து நடந்த தொடர் சந்திப்பு வரை பதில் வரவில்லை. அந்தச் சந்திப்பில் குமரன் வேறு மருத்துவமனைக்கு மாற்றம் கேட்டிருப்பதாகச் சொன்னார். அது தவிர்ப்பா, யோசித்து எடுத்த முடிவா என்று அவரோடு சேர்ந்து சரிபார்க்கப்பட்டது. அங்கேயும் நைட் காலும் டி.ஐ.எல்.லும் இருக்கும், அதில் அவருக்குத் தயக்கமில்லை என்பதால் இரண்டாவது என்றே குறிக்கப்பட்டது.